நட்சத்திரத்துக்கு உரிமம் இல்லை

வேலூரில் தங்கும் விடுதி நடத்துபவர்களிடமும் நடத்த நினைப்பவர்களிடமும் ஒரு சொற்றொடரை அடிக்கடி கேட்கிறேன். "த்ரீ ஸ்டார் லைசென்ஸ் வாங்கணும் சார், பேப்பரெல்லாம் நீங்கதான் பார்த்துத் தரணும்" என்பார்கள். பேச்சில் இதைத் திருத்த நான் முயன்றதில்லை. காப்பிக் கடையில் நின்றுகொண்டு ஒருவர் சொல்லும் சொல்லுக்கு அகராதி எடுத்து நீட்டுவது நாகரிகமாகாது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில் "மூன்று நட்சத்திர உரிமம் பெற்ற நாள் முதல் விடுதி இயங்கத் தொடங்கும்" என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்ததைப் பார்த்தேன். அன்று முதல் அந்தச் சொல் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதியவர் அறியாமலே, நடக்க முடியாத ஒன்றைப் பத்திரத்தின் நிபந்தனையாக ஆக்கிவிட்டார். நட்சத்திரம் பெறுவதற்கு விடுதி முதலில் இயங்க வேண்டும். இயங்குவதற்கு நட்சத்திரம் வேண்டும் என்று பத்திரம் சொன்னால், எழுதியபடி அந்த விடுதி என்றைக்கும் திறக்காது.

நான் சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு சிறிய அறையில் அமர்ந்து, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆவணங்களைப் பெயர்த்துக் கொடுப்பவன். கிரயப் பத்திரம், பட்டா, பிறப்புச் சான்று, மருத்துவமனைக் காகிதம் என்று எல்லாம் வரும். விடுதிக் காகிதங்கள் இந்த ஊரின் தொழில் காரணமாகச் சற்று அதிகமாகவே வரும். இந்தக் கட்டுரை அவற்றில் வரும் பிழைகளைப் பற்றியது. அவற்றில் பெரிய பிழை ஒன்றை நானே செய்தேன் என்பதால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

பெயர்ப் பலகையும் பூட்டும்

உரிமம் என்பதற்குச் சட்டத்தில் ஒரு தெளிவான இயல்பு உண்டு. அது இல்லாமல் அந்தச் செயலைச் செய்தால் குற்றம். மாநகராட்சியின் தொழில் உரிமம் அப்படிப்பட்டது, உணவுப் பாதுகாப்பு உரிமம் அப்படிப்பட்டது, மது பரிமாறும் உரிமமும் அப்படிப்பட்டது. நட்சத்திரம் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. இந்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் ஒரு நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திர டீலக்ஸ் வரை விடுதிகளை வகைப்படுத்துகிறது. விடுதிக்காரர் தாமாக விரும்பி விண்ணப்பித்தால் மட்டுமே அது நடக்கும். ஹெச்.ஆர்.ஏ.சி.சி. என்று எல்லோரும் சொல்லும் விடுதி, உணவக ஒப்புதல் மற்றும் வகைப்பாட்டுக் குழு நேரில் வந்து, அறைகளையும் வசதிகளையும் பார்த்து, இன்ன வகை என்று பரிந்துரைக்கிறது. விண்ணப்பிக்காத விடுதியை யாரும் பூட்டப் போவதில்லை. அது தன் பலகையில் நட்சத்திரம் போட்டுக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். வேலூரில் நோயாளிகளையும் உடன் வந்தவர்களையும் தங்கவைக்கும் நூற்றுக்கணக்கான லாட்ஜுகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்த நட்சத்திரமும் கிடையாது, அவை முறையான உரிமங்களோடு நன்றாகவே இயங்குகின்றன.

ஆகவே 'கிளாஸிஃபிகேஷன்' என்பதற்கு வகைப்பாடு என்பதைத் தவிர வேறு சொல்லைப் போடக்கூடாது என்பது என் துணிபு. சிலர் தரச் சான்று என்று எழுதுகிறார்கள். அது அவ்வளவு தீங்கில்லை என்றாலும், பொருள்களுக்குத் தரும் தர முத்திரையோடு குழம்பும். சிலர் அங்கீகாரம் என்று எழுதுகிறார்கள். அங்கீகாரம் என்றவுடன் அது இல்லாத விடுதி அங்கீகாரமற்ற விடுதி என்று ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடங்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு அச்சமூட்டுவது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உரிமம் என்று எழுதுவது எல்லாவற்றிலும் மோசமானது, ஏனெனில் அது இரண்டு திசையிலும் ஏமாற்றுகிறது. நட்சத்திரம் இல்லாவிட்டால் விடுதியைத் திறக்கவே கூடாது என்று ஒருவர் நினைக்கிறார். நட்சத்திரம் கிடைத்துவிட்டால் மற்ற உரிமங்கள் தேவையில்லை என்று இன்னொருவர் நினைக்கிறார்.

இரண்டாவது மயக்கத்துக்கு நம் ஊர் வழக்கும் காரணம். இங்கே 'ஸ்டார் ஓட்டல்' என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அங்குள்ள பார்தான். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டின் மதுபான உரிமம் மற்றும் அனுமதி விதிகளின்படி மன்றங்களுக்கு எஃப்.எல்.2, நட்சத்திர விடுதிகளுக்கு எஃப்.எல்.3 என்று உரிமங்கள் உண்டு. அவற்றைக் கையாள்வது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, சுற்றுலா அமைச்சகம் அன்று. எஃப்.எல்.3 கேட்பவர் தன் நட்சத்திர வகைப்பாட்டைக் காட்ட வேண்டியிருக்கலாம், ஆனால் காட்டுவதும் பெறுவதும் வேறு வேறு. அந்த அமைச்சகத்தின் ஆணைகளில் நான்கு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் ஆகிய வகைகளுக்கு 'மது சேவையுடன்', 'மது சேவையின்றி' என்று ஒரு பிரிவு வரும். இதை ஒருவர் "மது அனுமதியுடன்" என்று பெயர்த்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மது சேவை என்பது அந்த விடுதி எத்தகையது என்று விவரிப்பது. அனுமதி என்று எழுதியவுடன் அமைச்சகமே பாருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதுபோல் ஆகிறது.

ஓட்டல் என்றால் சோறு

விடுதிக் காகிதங்களைத் தமிழாக்குபவர் முதல் வரியிலேயே தடுமாறுவது 'ஹோட்டல்' என்ற சொல்லில்தான். நமக்கு ஓட்டல் என்றால் சாப்பிடும் இடம். "ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு லாட்ஜுக்குப் போனேன்" என்பதுதான் நம் வாக்கியம். காந்தி ரோடு, தோட்டப்பாளையம் பகுதிகளில் வங்காளத்திலிருந்து மருத்துவத்துக்கு வருபவர்களுக்காகச் சோறும் மீன் குழம்பும் போடும் கடைகள் உண்டு. வங்காளியிலும் 'பாத்தேர் ஹோட்டல்' என்றால் சோற்றுக் கடைதான் என்று அங்கே வரும் ஒருவர் எனக்குச் சொன்னார். அந்த வகையில் நாம் தனியாக இல்லை. அமைச்சகத்தின் காகிதத்திலோ ஹோட்டல் என்றால் தங்கும் அறைகள் உள்ள இடம். குறைந்தது 10 அறைகளாவது வாடகைக்கு விடத்தக்கவையாக இருந்தால்தான் வகைப்பாட்டுக்கே எடுத்துக்கொள்வார்கள். அதே அமைச்சகத்தின் ஒப்புதல் முறையில் 'ஸ்டாண்ட் அலோன் ரெஸ்டாரன்ட்' என்று விடுதியோடு சேராத தனி உணவகங்களுக்கும் இடம் உண்டு. ஹோட்டலை உணவகம் என்று பெயர்த்துவிட்டால் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும், பிறகு எது எந்தப் படிவம் என்று தெரியாது.

சரி, விடுதி என்று எழுதலாம் என்றால் அதிலும் ஒரு முள் இருக்கிறது. மாணவர் தங்குமிடமும் விடுதிதான், வேலைக்குப் போகும் பெண்கள் தங்குமிடமும் விடுதிதான். தமிழ்நாட்டில் மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்களை ஒழுங்குபடுத்த 2014-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி விடுதிகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற செய்தி நாளிதழில் வந்தபோது, பேருந்து நிலையத்துக்கு அருகே லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் அந்தத் துண்டுச் செய்தியை எடுத்துக்கொண்டு என்னிடம் பதறி வந்தார். அது அவருக்கானது அன்று என்று புரியவைக்க ஒரு டம்ளர் தேநீர் நேரம் ஆயிற்று. அதனால் நான் முதல் இடத்தில் 'தங்கும் விடுதி' என்று முழுதாக எழுதுகிறேன். வகைப்பாட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் 'சுற்றுலாத் தங்கும் விடுதி' என்கிறேன். 'விண்மீன் விடுதி' என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஆணையில் உள்ள வகையின் பெயரை எந்த அலுவலரும் உடனே அடையாளம் காண வேண்டும் என்பதால் 'மூன்று நட்சத்திர வகை' என்றே விடுகிறேன்.

மேலே சொன்ன 'வாடகைக்கு விடத்தக்க அறை' பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் 'லெட்டபிள்' என்ற ஒரே அடைமொழி. அதை 'வாடகைக்கு விடப்பட்ட அறைகள்' என்று எழுதினால் அன்று ஆள் தங்கியிருந்த அறைகளின் கணக்காகிவிடும். 'காலி அறைகள்' என்று எழுதினால் நேரெதிர். மேலாளரின் அறை, பணியாளர் படுக்கும் அறை, துணி வைக்கும் அறை ஆகியவற்றைக் கழித்துவிட்டு, விருந்தினருக்குக் கொடுக்கக்கூடியதாக எத்தனை அறை இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. 'விடத்தக்க' என்ற தகுதிச் சொல்லை விழுங்கினால் எண்ணே மாறும்.

திட்ட அனுமதி என்று நான் எழுதிய நாள்

இப்போது என் பிழைக்கு வருகிறேன். ஊரையும் தெருவையும் சற்று மறைத்தே சொல்கிறேன். சாலை ஓரத்தில் குடும்ப நிலம், மூன்று சகோதரர்கள் பங்காளிகள். தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று தளங்களுமாக 36 அறைகள் கொண்ட தங்கும் விடுதி ஒன்றைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அதற்கான வரைபடத்துக்கு நகர் ஊரமைப்புத் துறையின் திட்ட அனுமதியும் உள்ளாட்சியின் கட்டட அனுமதியும் முறையாக வாங்கியிருந்தார்கள். அந்த வரைபடத்தின் அடிப்படையிலேயே, மூன்று நட்சத்திர வகைக்குச் சுற்றுலா அமைச்சகத்திடம் 'ப்ராஜெக்ட் அப்ரூவல்' கேட்டு விண்ணப்பமும் போட்டிருந்தார்கள். கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும் விடுதிக்கு முதலில் இந்த ஒப்புதல், கட்டி முடித்து இயங்கத் தொடங்கிய பிறகு வகைப்பாடு என்று இரண்டு படிகள் உண்டு. முதல் படி கிடைத்தால் இரண்டாவது தானாகக் கிடைக்கும் என்று பொருளில்லை. ஆய்வுக் குழு வந்து பார்த்தபிறகுதான் எந்த வகை என்பது தீரும்.

இடையில் சகோதரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. மேலே இன்னொரு தளம் எழுப்பி, அதில் நிச்சயதார்த்தம், வளைகாப்பு போன்றவற்றுக்கு ஒரு சிறிய கூடம் வைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார்கள். அதற்குத் திருத்திய வரைபடம் வேண்டும், புதிய திட்ட அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பம் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நிலுவையில் இருந்தது. மூவரில் மூத்தவர் குடியாத்தத்தில் இருப்பவர், ஆங்கிலம் படிப்பதில்லை. ஆனால் பணம் அவர் கையில், முடிவும் அவர் வாயில். வரும் காகிதம் எதுவானாலும் தமிழில் பெயர்த்து அவருக்கு ஒரு படி அனுப்ப வேண்டும் என்பது குடும்பத்தின் ஏற்பாடு. அந்த வேலை என்னிடம் வந்தது.

ஒரு நாள் சுற்றுலா அமைச்சகத்தின் கடிதம் வந்தது. நான் அதைப் பெயர்த்தேன். 'ப்ராஜெக்ட்' திட்டம், 'அப்ரூவல்' அனுமதி. "தங்களது தங்கும் விடுதிக்கு மூன்று நட்சத்திர வகையில் திட்ட அனுமதி வழங்கப்பட்டுள்ளது" என்று எழுதி, முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் இதில் தவறு இருப்பதாகவே தெரியாது. ஆனால் தமிழ்நாட்டில் 'திட்ட அனுமதி' என்பது பொதுச் சொல் அன்று, ஒரு குறிப்பிட்ட ஆவணத்தின் பெயர். நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் கீழ் நிலத்தில் கட்டுவதற்குத் தரும் 'பிளானிங் பெர்மிஷன்' என்பதைத்தான் எல்லா அலுவலகமும் திட்ட அனுமதி என்று எழுதுகிறது, கட்டுபவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். 'பிளானிங்' என்பதும் நமக்குத் திட்டம், 'ப்ராஜெக்ட்' என்பதும் நமக்குத் திட்டம். ஆங்கிலத்தில் தள்ளித் தள்ளி நின்ற இரண்டு சொற்களை நான் தமிழில் ஒரே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டேன்.

குடியாத்தத்துப் பெரியவர் பல மாதங்களாக எதற்காகக் காத்திருந்தாரோ அந்தச் சொல்லே என் தாளில் இருந்தது. அமைச்சகத்தின் பெயர் மேலே இருந்ததை அவர் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்திருப்பார். பெரிய இடத்திலிருந்தே அனுமதி வந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். மறுநாளே மேஸ்திரியை அழைத்து நான்காம் தளத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். தம்பிகள் இருவரும் அண்ணனிடம் காகிதம் இருக்கிறது என்று நம்பினார்கள், அண்ணன் என் காகிதத்தை நம்பினார். தூண்கள் எழும்பி, கூரைத் தளத்துக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது உள்ளாட்சியிலிருந்து வந்து பார்த்தார்கள். அடுத்த வாரம் அறிவிப்பு வந்தது. அதில் அந்த 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56, 57 ஆகிய பிரிவுகள் குறிப்பிடப்பட்டிருந்தன. முன்னது அனுமதியற்ற கட்டுமானத்தை அகற்றச் சொல்வது, பின்னது பணியை நிறுத்தச் சொல்வது.

பெரியவர் என் பெயர்ப்பை எடுத்துக்கொண்டு நேரே அந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கிருந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எங்க திட்ட அனுமதி இல்லீங்க, இது வேற" என்று சொல்லியிருக்கிறார். அன்று மாலை அவர் என் அறைக்கு வந்தார். கோபப்படவில்லை. தாளை மேசைமேல் விரித்து, அந்த ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "தம்பி, இது நீங்க போட்டதா, அவங்க போட்டதா?" என்று மட்டும் கேட்டார். நான் போட்டது என்று சொன்னேன். அதற்குமேல் எனக்கும் பேச்சு வரவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆங்கில மூலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல்லுக்கு எதைப் போட்டேன் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதானே வருது" என்றார். மொழிபெயர்ப்பாளன் செய்த பிழையை வாசகர் பிழையே இல்லை என்று மன்னிப்பதைவிடச் சங்கடமான நிலை வேறு இருக்க முடியாது.

அன்றிரவு தூக்கம் வராமல் என் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தேன். 'அப்ரூவல்', 'பெர்மிஷன்', 'சாங்ஷன்', 'ரெகக்னிஷன்' ஆகிய எல்லாவற்றுக்கும் அனுமதி, ஒப்புதல், அங்கீகாரம் என்ற மூன்று சொற்களையும் காதுக்கு இனிமையாக இருந்தபடி மாற்றி மாற்றிப் போட்டிருந்தேன். ஒரே கடிதத்தில் முதல் பத்தியில் ஒப்புதல், மூன்றாம் பத்தியில் அனுமதி. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை கெடும் என்று பள்ளியில் கட்டுரை எழுதும்போது சொல்லிக்கொடுத்தார்களே, அந்தப் பழக்கம். அரசு ஆவணத்தில் அந்த நடையழகு நஞ்சு. ஒரு சொல் இரண்டு பெயரில் வந்தால் படிப்பவர் இரண்டு ஆவணம் இருப்பதாக நினைப்பார், இரண்டு ஆவணம் ஒரு பெயரில் வந்தால் ஒன்று போதும் என்று நினைப்பார்.

அதற்குப் பிறகு என் முறை மாறியது. ஒரு சொல்லைப் பெயர்ப்பதற்கு முன் அகராதியைத் திறப்பதில்லை. அந்தக் காகிதத்தை யார் தருகிறார், எந்த விதியின் கீழ் தருகிறார், அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்கிறேன். இல்லாவிட்டால் தண்டனை என்றால் உரிமம் அல்லது அனுமதி. பலகையில் ஒரு மரியாதை குறையும் என்றால் வகைப்பாடு. பிறகு, கொடுக்கும் அலுவலகத்தின் பெயரையும் சொல்லோடு சேர்த்தே எழுதுகிறேன். 'ப்ராஜெக்ட் அப்ரூவல்' என்பதை இப்போது 'கட்டுமான நிலையில் உள்ள விடுதிக்குச் சுற்றுலா அமைச்சகத்தின் ஒப்புதல்' என்று பெயர்க்கிறேன். நீளம்தான். இரண்டாம் முறை வரும்போது 'அமைச்சக ஒப்புதல்' என்று சுருக்கிக்கொள்கிறேன். திட்டம் என்ற சொல்லை அந்தக் கடிதத்தில் எங்குமே வரவிடுவதில்லை.

எதிர்த் திசையில்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது வேறு குழிகள் இருக்கின்றன. வகைப்பாட்டுக்கு விண்ணப்பிப்பவர் உள்ளூர் அலுவலகங்களின் சான்றுகளையும் சேர்க்க வேண்டும். தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கிலம் அல்லது இந்திப் பெயர்ப்பு வேண்டும். இதில் முதலில் விழுவது 'தொழில்' என்ற சொல். மாநகராட்சி தரும் தொழில் உரிமம் 'ட்ரேட் லைசென்ஸ்'. ஆண்டுக்கு இருமுறை கட்டும் தொழில் வரி 'புரொஃபெஷன் டேக்ஸ்'. தொழிற்சாலைக்கான தொழில் என்றால் 'இண்டஸ்ட்ரி'. ஒரு விண்ணப்பத்தில் தொழில் உரிமம் 'இண்டஸ்ட்ரியல் லைசென்ஸ்' என்று போயிருந்தது. பார்த்தவர்கள், தங்கும் விடுதிக்குத் தொழிற்சாலை உரிமம் எதற்கு, விடுதிக்கான உரிமம் எங்கே என்று கேட்டு எழுதினார்கள். இன்னொன்றில் தொழில் வரி ரசீதே 'ட்ரேட் லைசென்ஸ்' என்று ஆகியிருந்தது. உண்மையான உரிமம் சேர்க்கப்படவே இல்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.

அடுத்தது 'ஆக்குபன்சி'. விடுதிக்காரருக்கு அது அறைகள் நிரம்பிய விகிதம். அறைக் கட்டணப் பட்டியலில் 'டபுள் ஆக்குபன்சி' என்றால் இருவர் தங்குவது. கட்டடக் காகிதத்தில் 'ஆக்குபன்சி சர்டிஃபிகேட்' என்றால் கட்டடத்தில் குடியேறலாம் என்ற சான்று. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி நம்மிடம் கிடைப்பது பணி நிறைவுச் சான்று. சேர்க்க வேண்டிய ஆவணங்களின் பட்டியலில் ஆக்குபன்சி என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, அதை 'குடியிருப்புச் சான்று' என்று தமிழாக்கி, விடுதிக்காரரை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இருப்பிடச் சான்று வாங்க அனுப்பிய கதையும் உண்டு. அவர் வீட்டு முகவரிக்குச் சான்று வாங்கிக்கொண்டு வந்தார்.

பழைய பத்திரங்களில் ஊர்ப்பெயரும் ஒரு சிக்கல். வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது. வேலூர்ப் பகுதி சில ஆண்டுகள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருந்தது. 2019-இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஒரே நிலத்தின் மூன்று தலைமுறைப் பத்திரங்களில் மூன்று மாவட்டப் பெயர்கள் வரும். உதவி செய்வதாக நினைத்து எல்லாவற்றையும் இன்றைய பெயருக்கு மாற்றிவிடுபவர்கள் உண்டு. மாற்றக்கூடாது. பத்திரத்தில் உள்ளதை அப்படியே எழுதி, இன்றைய மாவட்டம் இன்னது என்று பெயர்ப்பாளர் குறிப்பாகத் தனியே போட வேண்டும்.

கடைசியாக 'ரீகிளாஸிஃபிகேஷன்'. நட்சத்திர வகைப்பாடு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் மறுபடி விண்ணப்பித்து, மறுபடி ஆய்வு நடந்து, மறுபடி வகை தீர வேண்டும். இதைச் சிலர் 'தரம் உயர்த்துதல்' என்கிறார்கள். மூன்றிலிருந்து நான்குக்குப் போவதற்குத்தான் இது என்று நினைக்கும் விடுதிக்காரர், எனக்கு மூன்றே போதும் என்று சும்மா இருந்துவிடுகிறார். வேறு சிலர் 'புதுப்பித்தல்' என்கிறார்கள். புதுப்பித்தல் என்றால் நமக்குத் தெரிந்தது கட்டணம் கட்டி ரசீது வாங்குவது, அதற்குக் கடைசி வாரம் போதும். ஆய்வுக்கு வருபவர்கள் கடைசி வாரத்தில் வருவதில்லை. இடையில் வகைப்பாடு காலாவதியாகிவிடும், பலகையில் நட்சத்திரம் மட்டும் அப்படியே ஒளிரும். நான் 'மறுவகைப்பாடு' என்று எழுதி, அடைப்புக்குள் 'புதிதாக ஆய்வு நடைபெறும்' என்று சேர்த்துவிடுகிறேன். பெயர்ப்பில் இல்லாததைச் சேர்ப்பது முறையா என்று சக பெயர்ப்பாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். பெயர்ப்பாளர் குறிப்பு என்று தெளிவாகப் போட்டால் முறைதான் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த மூன்று சகோதரர்களின் விடுதி தாமதமாகத்தான் திறந்தது. நான்காம் தளத்தின் தூண்கள் ஒரு மழைக்காலம் முழுவதும் கம்பி நீட்டியபடி நின்றன. திருத்திய வரைபடத்துக்கு உரிய அனுமதி வந்த பிறகே பணி தொடர்ந்தது. விடுதியின் அமைப்பு மாறியதை அமைச்சகத்துக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டியிருந்தது, அந்தக் கடிதத்தை நான் கூலி வாங்காமல் தயாரித்துக் கொடுத்தேன். என் பழைய பெயர்ப்புக்குத் திருத்தம் எழுதி, அது போயிருந்த இடங்களுக்கெல்லாம் ஒரு படி அனுப்பினேன். கடன் கொடுத்த வங்கியில் மட்டும் திருத்தத்தைத் தனித் தபாலாக வாங்கிப் பதிவு செய்துவிட்டார்கள், பழைய தாளோடு சேர்க்கவில்லை. "திட்ட அனுமதி வழங்கப்பட்டுள்ளது" என்ற வரி அந்தக் கோப்பில் இன்றும் என் முத்திரையோடு இருக்கிறது.